‘வென் ஹி வில் கம்’ எங்கே தவறு, எங்கே சரி

நேயர்களுக்கு வணக்கம். ஆங்கிலத்தில் எதிர்காலத்தைச் சொல்லும்போது நம்மில் பலர் தடுமாறும் ஓர் இடத்தைப் பற்றி இன்று பேச வந்திருக்கிறேன். வானொலியில் கரும்பலகை கிடையாது என்பதால், எடுத்துக்காட்டு வாக்கியங்களைச் சற்று நிறுத்தியே சொல்கிறேன்.

ஓர் அலுவலகத்தில் வேலை செய்யும் ஒருவர், நாளை தாம் வரப்போவதில்லை என்பதை மேலாளருக்குக் கைப்பேசியில் எழுதி அனுப்புகிறார் என்று வைத்துக்கொள்வோம். அவர் எழுதியது இது: “ஐ வில் நாட் கம் டுமாரோ. ஐ வில் மீட் தி டாக்டர் அட் டென். வென் ஐ வில் கெட் தி ரிப்போர்ட், ஐ வில் சென்ட் இட். இஃப் தி டாக்டர் வில் ஆஸ்க் மீ டு ரெஸ்ட், ஐ வில் இன்ஃபார்ம் யூ.”

இந்த நான்கு வாக்கியங்களில் ‘வில்’ ஆறு முறை வருகிறது. ஆறில் இரண்டு சரியான இடத்தில் இருக்கின்றன. இரண்டு, இலக்கணப்படி தவறில்லை என்றாலும் எழுதியவர் நினைக்காத பொருளைத் தருகின்றன. மற்ற இரண்டும் வெளிப்படையான இலக்கணப் பிழைகள். எது எந்த வகை, ஏன் என்று ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

அதற்கு முன் ஒரு செய்தி. தமிழ் வினைச்சொல்லுக்கு எதிர்காலத்திற்கென்றே ஓர் உருவம் உண்டு. ‘வந்தான், வருகிறான், வருவான்’ என்று மூன்று காலமும் வினைக்குள்ளேயே அமைந்துவிடுகின்றன. ஆங்கில வினைக்கு அப்படி இல்லை. ‘கம்ஸ்’ உண்டு, ‘கேம்’ உண்டு. மூன்றாவதாக எதிர்காலம் காட்டும் உருவம் அந்தச் சொல்லுக்குக் கிடையாது. ஆகவே அந்த மொழி எதிர்காலத்தைப் பேச வேறு சொற்களைத் துணைக்கு அழைக்கிறது. அப்படி வந்த துணைச்சொற்களில் ஒன்றுதான் ‘வில்’. பழைய ஆங்கிலத்தில் அது ‘விரும்பு’ என்ற பொருளுடைய வினை. அந்தப் பழைய வாசனை இன்னும் அதைவிட்டு முழுதாகப் போகவில்லை; பேசுகிறவரின் மனம், முடிவு, கணிப்பு ஆகியவை அதில் ஒட்டிக்கொண்டே இருக்கின்றன. நம் பள்ளிகளில் கால அட்டவணை எழுதிக் கற்பிக்கும்போது, மூன்றாம் கட்டத்தில் ‘வில்’ என்று நிரப்பி, “இதுதான் எதிர்காலம்” என்று சொல்லி நகர்ந்துவிடுகிறோம். ‘வேன், வாய், வான்’ வரும் இடமெல்லாம் ‘வில்’ போட வேண்டும் என்ற எண்ணம் அங்கேதான் வேரூன்றுகிறது என்பது என் கருத்து.

இப்போது முதல் வாக்கியம்: “ஐ வில் நாட் கம் டுமாரோ.” எழுதியவர் தெரிவிக்க நினைத்தது, நாளை தமக்கு விடுப்பு என்ற தகவலை. ஆனால் மன உறுதியின் சாயல் கொண்ட ‘வில்’ எதிர்மறையில் வரும்போது, “நான் வரமாட்டேன், முடியாது” என்று மறுப்பதாகக் காதில் விழக்கூடும். “தி சைல்ட் வோன்ட் ஈட்” என்றால் குழந்தை சாப்பிட மறுக்கிறது என்றுதான் பொருள். ஏற்கெனவே முடிவாகிவிட்ட ஒன்றை வெறும் தகவலாகச் சொல்ல வேண்டுமானால், “ஐ ஆம் நாட் கமிங் இன் டுமாரோ” என்பதே பொருத்தம். தமிழிலும் ‘வரமாட்டேன்’ என்பதற்கும் ‘நாளைக்கு நான் வரவில்லை’ என்பதற்கும் இதே வேறுபாடு இருப்பதைக் கவனியுங்கள்.

இரண்டாம் வாக்கியத்திலும் அதே சிக்கல்தான். மருத்துவரிடம் பத்து மணிக்கு நேரம் வாங்கியாகிவிட்டது. இப்படி மற்றொருவரோடு பேசி, நாளும் நேரமும் குறித்து ஏற்பாடு செய்த நிகழ்ச்சிக்கு ஆங்கிலம் பிரசன்ட் கன்டினியூவஸ் வடிவத்தைத்தான் விரும்புகிறது: “ஐ ஆம் சீயிங் தி டாக்டர் அட் டென்.” இது நமக்கு அந்நியமான வழக்கமும் அல்ல. ‘வெள்ளிக்கிழமை ஊருக்குப் போகிறேன்’ என்று எதிர்காலச் செய்தியை நிகழ்காலத்தில் நாம் நாள்தோறும் சொல்கிறோம். தமிழில் இயல்பாகச் செய்வதை ஆங்கிலத்தில் செய்யத் தயங்குகிறோம், அவ்வளவே.

ஏற்பாடு இல்லாமல் மனத்தில் முடிவு மட்டும் இருந்தால் ‘கோயிங் டு’ வரும். இந்த ஆண்டு கார் ஓட்டக் கற்றுக்கொள்வது என்று ஒருவர் தீர்மானித்திருக்கிறார். இன்னும் எந்தப் பயிற்சிப் பள்ளியிலும் சேரவில்லை. அவர், “ஐ ஆம் கோயிங் டு லேர்ன் டிரைவிங் திஸ் இயர்” என்பார். பணம் கட்டிச் சேர்ந்து, திங்கட்கிழமை முதல் வகுப்பு என்று உறுதியான பிறகு, “ஐ ஆம் ஸ்டார்ட்டிங் ஆன் மண்டே” என்பார். இரண்டுக்கும் நடுவே உள்ள கோடு மெல்லியது. பல இடங்களில் எதைச் சொன்னாலும் பிழையாகாது. மனிதர் ஏற்பாடு செய்ய முடியாத நிகழ்ச்சிகளில் மட்டும் அந்தக் கோடு தெளிவாகத் தெரியும். மேகம் கறுத்து வருவதைப் பார்த்து, “இட் இஸ் கோயிங் டு ரெய்ன்” என்று சொல்லலாம். “இட் இஸ் ரெய்னிங் டுமாரோ” என்று சொல்ல முடியாது. மழையோடு யாரும் நேரம் பேசி வைப்பதில்லை.

அப்படியானால் ‘வில்’ எங்கே வரும்? பேசும் அந்தக் கணத்திலேயே முடிவெடுக்கும்போது வரும். அழைப்பு மணி அடிக்கிறது. எழுந்துகொண்டே, “ஐ வில் ஓப்பன் தி டோர்” என்கிறோம். அங்கே ‘ஐ ஆம் கோயிங் டு ஓப்பன் தி டோர்’ என்றால், மணி அடிப்பதற்கு முன்பே கதவைத் திறக்கும் திட்டம் இருந்தது போல ஒலிக்கும். வாக்குக் கொடுக்கும்போதும் ‘வில்’ வரும். அதனால்தான் நம் நண்பரின் செய்தியில் “ஐ வில் சென்ட் இட்” என்பதும் “ஐ வில் இன்ஃபார்ம் யூ” என்பதும் சரியாக அமைந்திருக்கின்றன. அவை அவர் மேலாளருக்குக் கொடுக்கும் வாக்கு.

இனி எஞ்சிய இரண்டு: “வென் ஐ வில் கெட் தி ரிப்போர்ட்”, “இஃப் தி டாக்டர் வில் ஆஸ்க் மீ.” இவைதான் பிழைகள். “வென் ஹி வில் கம், ஐ வில் டெல் ஹிம்” என்பதும் இதே குடும்பத்தைச் சேர்ந்தது. “வென் ஐ கெட் தி ரிப்போர்ட்”, “இஃப் தி டாக்டர் ஆஸ்க்ஸ் மீ”, “வென் ஹி கம்ஸ்” என்று நிகழ்காலத்தில் இருக்க வேண்டும். அறிக்கை கிடைப்பது நாளைக்கு அல்லவா, அங்கே நிகழ்காலம் எப்படி வரும் என்ற கேள்வி நியாயமானது. ‘வில்’ என்பது வெறும் கால அடையாளம் அல்ல, பேசுகிறவரின் கணிப்பையோ முடிவையோ தெரிவிக்கும் சொல் என்று சற்று முன் பார்த்தோம். ‘அறிக்கை கிடைத்ததும் அனுப்புகிறேன்’ என்னும்போது நாம் உறுதி சொல்வது அனுப்புவதைப் பற்றி. அறிக்கை கிடைப்பதை நாம் முன்னறிவிக்கவில்லை. அது நடந்ததாக வைத்துக்கொண்டு, அதன்மேல் நம் வாக்கை நிறுத்துகிறோம். முன்னறிவிப்பு இல்லாத இடத்தில் ‘வில்’லுக்கு வேலை இல்லை. எதிர்காலம் என்பதைத்தான் தலைமை வாக்கியத்தின் ‘வில்’ ஏற்கெனவே சொல்லிவிட்டதே.

தமிழும் இங்கே எதிர்கால வினைமுற்றைப் பயன்படுத்துவதில்லை. ‘அவர் வந்ததும் சொல்கிறேன்’, ‘அவர் வந்தால் சொல்கிறேன்’ என்கிறோம். வரப்போகிறவரைப் பற்றிய பேச்சுதான். ஆனால் ‘வந்ததும்’, ‘வந்தால்’ இரண்டிலும் இருப்பது இறந்தகால வடிவம். ஆங்கிலம் நிகழ்காலத்தை வைக்கும் இடத்தில் நாம் இறந்தகாலத்தின் உருவத்தை வைக்கிறோம். பிறகு பிழை எங்கிருந்து வருகிறது? ‘அவர் வரும்போது’, ‘அவர் வரும் வரை’ என்ற தொடர்களில் உள்ள ‘வரும்’ எதிர்காலப் பெயரெச்சம். அது நம்மைத் தூண்டி, ‘வென் ஹி வில் கம்’, ‘அன்டில் ஹி வில் கம்’ என்று எழுத வைக்கிறது என்று நினைக்கிறேன். ‘பிஃபோர்’, ‘ஆஃப்டர்’, ‘அஸ் சூன் அஸ்’ ஆகியவற்றின் பின்னாலும் இதே விதிதான்.

இந்த விதியை அரைகுறையாகக் கற்றவர்கள் வேறொரு பிழைக்குப் போய்விடுவதும் உண்டு. ‘வென்’ வந்தாலே ‘வில்’ கூடாது என்று மனப்பாடம் செய்துவிட்டு, சரியான வாக்கியத்தையும் திருத்திவிடுவார்கள். இரண்டு வாக்கியங்களைக் கேளுங்கள். “டெல் மீ வென் ஹி கம்ஸ்.” “டெல் மீ வென் ஹி வில் கம்.” இரண்டும் சரி, பொருள்தான் வேறு. முதலாவது, ‘அவர் வந்ததும் எனக்குச் சொல்லுங்கள்.’ இரண்டாவது, ‘அவர் எப்போது வருவார் என்று சொல்லுங்கள்.’ இரண்டாவதில் இருப்பது ஒரு கேள்வி. அவர் வருகையைப் பற்றிய கணிப்பையே அங்கே கேட்கிறோம். ஆகவே ‘வில்’ அங்கே இருக்கத்தான் வேண்டும். “ஐ டோன்ட் நோ வென் ஹி வில் கம்” என்பதும் இதனால் பிழையற்ற வாக்கியம். ‘இஃப்’ என்பதற்கும் இதே கணக்கு: ‘வந்தால்’ என்ற பொருளில் “இஃப் ஹி கம்ஸ்”, ‘வருவாரா என்று தெரியவில்லை’ என்ற பொருளில் “ஐ டோன்ட் நோ இஃப் ஹி வில் கம்.”

எழுதும்போது ஐயம் வந்தால், அந்தப் பகுதியைத் தமிழில் சொல்லிப் பாருங்கள். ‘எப்போது வருவார்’, ‘வருவாரா’ என்று கேள்வியாக வந்தால் ‘வில்’ இருக்கட்டும். ‘வந்ததும்’, ‘வரும்போது’, ‘வந்தால்’ என்று வந்தால் ‘வில்’லை எடுத்துவிடுங்கள். இந்தச் சோதனைக்கு அடங்காத வாக்கியங்களும் சில உண்டு. “இஃப் யூ வில் வெயிட் எ மினிட், ஐ வில் கால் ஹிம்” என்று பணிவாகச் சொல்வார்கள். ‘தயவுசெய்து காத்திருக்கச் சம்மதித்தால்’ என்பது அதன் பொருள். அந்த ‘வில்’ காலத்தைக் குறிப்பதல்ல, பழைய விருப்பப் பொருளின் மிச்சம். அதைப் பார்த்து “இஃப் இட் வில் ரெய்ன்” என்று எழுதினால் ஒப்பாது. மழைக்குச் சம்மதம் என்று ஒன்று இல்லை.

இன்னும் ஒரு நுணுக்கம். ஒன்று முழுதாக முடிந்த பிறகே மற்றது நடக்கும் என்று அழுத்திச் சொல்ல வேண்டுமானால், ‘வென்’ என்பதன் பின் ‘ஹேவ்’ சேர்ந்த வடிவம் வரும். “வென் ஐ ரீட் தி ரிப்போர்ட், ஐ வில் கால் யூ” என்றால், படித்துக்கொண்டிருக்கும்போதே அழைப்பாரா, படித்து முடித்த பின்பா என்பது தெளிவாக இல்லை. “வென் ஐ ஹேவ் ரெட் தி ரிப்போர்ட், ஐ வில் கால் யூ” என்றால், படித்து முடித்த பின்புதான் அழைப்பு வரும். இங்கேயும் “ஐ வில் ஹேவ் ரெட்” என்று ‘வில்’ சேர்க்கக் கூடாது.