பால் எப்போது சேர வேண்டும்?

நேயர்களுக்கு வணக்கம். தேயிலைத் தூளைப் பாலோடு சேர்த்தே கொதிக்கவிடுவதா, டிகாஷன் தனியாகப் போட்டுக் கடைசியில் பால் ஊற்றுவதா? இதை வாயால் பேசித் தீர்க்க முடியாது. இரண்டு பாத்திரங்களை அடுப்பில் வைத்துப் பார்த்துவிட வேண்டும்.

இரண்டுக்கும் 100 மில்லி தண்ணீர், 100 மில்லி பால், ஒரே கரண்டியால் அளந்த தூள். முதல் பாத்திரத்தில் மூன்றையும் ஒன்றாகப் போட்டு நான்கு நிமிடம் கொதிக்கவிடுங்கள். இரண்டாவதில் தண்ணீரில் மட்டும் தூளை அதே நான்கு நிமிடம் கொதிக்கவிட்டு, வடிகட்டி, சூடான பாலைச் சேருங்கள். இரண்டையும் மூடியே வையுங்கள். ஒன்றில் தண்ணீர் அதிகம் வற்றிவிட்டால் அது திடமாகத்தான் தெரியும், ஒப்பிடவே முடியாது.

குடித்துப் பார்த்தால் பெரும்பாலும் இரண்டாவதுதான் திடமாக இருக்கும். தூளிலிருந்து சாரம் இறங்குவதற்குத் தண்ணீர் வேண்டும். பாலில் புரதமும் கொழுப்பும் கலந்திருப்பதால் சாரம் அவ்வளவு வேகமாக இறங்குவதில்லை. தவிர, பால் பொங்கிவிடும் என்று நாம் தீயைக் குறைத்துவிடுகிறோம். கொதியும் மந்தமாகிவிடுகிறது.

நிறத்திலும் வேறுபாடு தெரியும். கடைசியில் பால் சேர்த்தது செம்பு நிறத்தில் பளிச்சென்று இருக்கும். ஒன்றாகக் கொதித்தது சற்று மங்கிய பழுப்பு. அதிலும் சர்க்கரை போட்டு நெடுநேரம் காய்ச்சினால் பாலே கொஞ்சம் பழுப்பாகிவிடும். அந்தப் பழுப்பைப் பார்த்துத் தேநீர் திடமாக வந்திருக்கிறது என்று நினைத்துவிடக் கூடாது.

துவர்ப்பு விஷயத்தில்தான் பலரும் தவறாக நினைக்கிறார்கள். பாலைச் சேர்த்துக் கொதிக்கவைத்தால்தான் துவர்ப்பு அடங்கும் என்பார்கள். பாலில் உள்ள கேசீன் என்ற புரதம் துவர்ப்புப் பொருள்களைப் பிடித்துக்கொள்கிறது, அதனால்தான் நாக்கைப் பிடிக்கும் உணர்வு குறைகிறது. கடைசியில் ஊற்றினாலும் இது உடனே நடந்துவிடும். ஆகவே பால் எப்போது சேர்கிறது என்பதைவிட, எவ்வளவு சேர்கிறது என்பதே முக்கியம்.

அப்படியென்றால் ஒன்றாகக் கொதிக்கவிடுவதில் பயனே இல்லையா? இருக்கிறது. காய்ச்சிய பாலின் மணமும் வாயில் தங்கும் கெட்டித்தன்மையும் அதில்தான் கிடைக்கும். கடைசியில் சேர்க்கும்போது பால் ஃபிரிட்ஜிலிருந்து நேராக வந்தால் தேநீர் வெதுவெதுப்பாகிப் போகும், பச்சைப் பால் வாடையும் வரும். எனவே பாலைச் சூடாக்கித்தான் ஊற்ற வேண்டும்.

எனக்குப் பிடித்தது இரண்டுக்கும் நடுவில் உள்ள வழி. தூளைத் தண்ணீரில் இரண்டு நிமிடம் கொதிக்கவிட்டு, சாரம் நன்றாக இறங்கிய பிறகு பாலை ஊற்றி, இன்னும் இரண்டு நிமிடம். இஞ்சி போடுபவர்கள் அதைத் தூளோடு தண்ணீரிலேயே கொதிக்கவிடுங்கள். பச்சை இஞ்சியில் பாலைத் திரிக்கும் நொதி ஒன்று உண்டு, நன்றாகக் கொதித்தால் அது செயலிழந்துவிடும். அப்புறம் பாலை ஊற்றினால் திரியும் பயம் குறையும்.