ஏச்சை வாங்கத் தெரிய வேண்டும்

(திருகோணமலையில், நாடகம் பழகத் தொடங்கியவர்களுக்கு ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

எல்லோருக்கும் வணக்கம். உப்புவெளியிலிருந்தும் நிலாவெளியிலிருந்தும் வந்திருக்கிறீர்கள், மூதூரிலிருந்தும் கிண்ணியாவிலிருந்தும் சிலர் வந்திருக்கிறீர்கள். இன்று ஒரே ஒரு விளையாட்டைப் பற்றித்தான் பேசப் போகிறேன். எழுதி வைத்த வசனம் எதுவும் இல்லாமல், நின்ற இடத்திலேயே நாடகத்தை உண்டாக்குகிறவர்கள் பயிற்சிக்காக விளையாடுவது. இரண்டு பேர் எதிரெதிரே நின்று மாறி மாறி ஏச வேண்டும். ஏச்சு யாருமே நம்ப முடியாத அளவுக்குப் பெரிதாக இருக்க வேண்டும். அவ்வளவுதான்.

மேடையில் ஏசுவது நமக்குப் புதிதல்ல. மட்டக்களப்புப் பக்கத்தில் கண்ணகி அம்மன் வழிபாட்டோடு நடந்த கொம்புமுறி விளையாட்டில் வடசேரி, தென்சேரி என்ற இரண்டு கட்சியினரும் ஒருவரை ஒருவர் வசை பாடியதைப் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருப்பீர்கள். நாடகப் பயிற்சி என்ற வகையில் ஏச்சைக் கையில் எடுத்தவர்களில் முக்கியமானவர் கீத் ஜான்ஸ்டன். லண்டன் ராயல் கோர்ட் அரங்கில் வேலை செய்து, பிறகு கனடாவின் கல்கரி நகரத்துக்குப் போய் அங்கே குழு தொடங்கியவர். புதிதாக அறிமுகமானவரோடு மரியாதையாகக் கதைக்கிற மனிதர்கள், நண்பர்களான பிறகு உரிமையோடு ஏசிக்கொள்கிறார்கள் என்பதை அவர் கவனித்தார். அப்படி ஏசும்போது அந்தஸ்தில் ஒருவர் மேலே போக மற்றவர் கீழே இறங்குகிற அந்த ஏற்ற இறக்கத்தை விளையாட்டாக்கினால் நடிகர்களுக்குள் இருக்கிற இறுக்கம் தளரும் என்பது அவருடைய எண்ணம்.

சரி, புதியவர்கள் இதை முதல் தடவை விளையாடும்போது என்ன நடக்கும்? ஒருவர் "கருவாடே" என்பார். மற்றவர் "நீ பூசணிக்காய்" என்பார். அதற்கு "நீ பழைய சைக்கிள்" என்று பதில் வரும். முதல் இரண்டுக்குச் சபை சிரிக்கும். மூன்றாவதுக்குச் சிரிப்பு குறையும். ஐந்தாவதோடு மண்டபம் அமைதியாகிவிடும். ஏச்சுகள் மோசம் என்று சொல்ல முடியாது, சிலது நல்ல கற்பனை. ஆனால் கருவாட்டுக்கும் பூசணிக்காய்க்கும் ஒரு தொடர்பும் இல்லை. இருவரும் தங்கள் பையிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்து வெளியே வைக்கிறார்கள், மற்றவர் வைத்ததை யாரும் தொடுவதில்லை.

அந்த நேரத்தில் நான் ஆட்டத்தை நிறுத்தி ஒரு கேள்வி கேட்பேன்: "இப்ப அவர் உங்களை என்னவெண்டு ஏசினவர்?" பெரும்பாலும் பதில் வராது. சிலர் பக்கத்தில் இருப்பவரைப் பார்ப்பார்கள். கேட்கவில்லையா என்றால், காதில் விழுந்தது என்பார்கள். விழுந்ததுதான். ஆனால் அது விழுந்த வேளையில் அவர்கள் தங்களுடைய அடுத்த ஏச்சைத் தேடிக்கொண்டு இருந்தார்கள்.

இதை அக்கறையின்மை என்று நினைக்காதீர்கள். சாதாரண உரையாடலே அப்படித்தான் ஓடுகிறது. பத்து மொழிகளை ஒப்பிட்ட ஆய்வு ஒன்று 2009இல் வெளிவந்தது. ஒருவர் பேசி முடிப்பதற்கும் மற்றவர் தொடங்குவதற்கும் நடுவே மனிதர்கள் விடுகிற இடைவெளி ஏறக்குறைய 200 மில்லி வினாடி, அதாவது ஒரு வினாடியில் ஐந்தில் ஒரு பங்கு, என்று அது காட்டியது. ஆனால் ஒரு படத்தைப் பார்த்து அதன் பெயரைச் சொல்வதற்கே மனிதனுக்கு 600 மில்லி வினாடி அளவு தேவைப்படுகிறது. அப்படியானால் என்ன அர்த்தம்? எதிரில் இருப்பவர் முடிப்பதற்கு முன்பே நாம் பதிலைத் தயாரிக்கத் தொடங்கிவிடுகிறோம். வீட்டில், கடையில், பஸ்ஸில் அது பரவாயில்லை. அடுத்து என்ன வரும் என்று அங்கே பெரும்பாலும் ஊகித்துவிடலாம். மேடையில் ஊகிக்க முடியாது.

தமிழில் இது இன்னும் கூர்மையாகத் தெரியும். "கருவாட்டுக்குக் காவல் இருந்து கொட்டாவி விட்ட காகமே!" என்று ஒருவர் ஏசுகிறார் என்று வையுங்கள். கடைசிச் சொல் வரும் வரை அவர் உங்களை என்னவாக ஆக்கினார் என்றே தெரியாது. "காவல் இருந்து" என்ற இடத்திலேயே பதில் தேடப் போனவருக்குக் காகம் கிடைக்காது. காகம் கிடைக்காதவர் மேடையில் காகமாக நிற்கவும் மாட்டார். நம்முடைய மொழியில் ஏச்சின் உயிர் பெரும்பாலும் வாலில் இருக்கிறது. வால் வரை காத்திருக்கப் பழகுவதுதான் இங்கே முதல் பாடம்.

அதற்கு ஒரு விதி இருக்கிறது. ஏச்சு வந்ததும் அதைத் திருப்பிச் சொல்ல வேண்டும். அது உடம்பில் பட வேண்டும். பிறகுதான் பதில் ஏச்சு, அதுவும் வந்த சொல்லிலிருந்தே முளைக்க வேண்டும்.

ஒரு மீன் கடையை வைத்துச் சொல்கிறேன். ஒரு தம்பி விற்கிறார், ஒரு தங்கச்சி வாங்க வருகிறார். வியாபாரமும் நடக்க வேண்டும், ஏச்சும் நடக்க வேண்டும்.

"வாங்கோ, வெயிலுக்குப் பயந்து ஓடின கருவாடே!"

தங்கச்சி நிற்கிறார். "கருவாடா? வெயிலுக்குப் பயந்து ஓடின கருவாடு, நானா?" தோள் இரண்டும் மேலே போகின்றன, ஒரு மூச்சு உள்ளே போகிறது. அப்புறம், "கருவாட்டுக்குக் காவல் இருந்து கொட்டாவி விட்ட காகமே, பாரை கிலோ என்ன விலை?"

"காகம்! கொட்டாவி விட்ட காகம்!" தம்பி கையில் இருந்த கத்தியைப் பலகையில் வைத்துவிடுகிறார். "காகத்திட்டயே கடன் வாங்கிப்போட்டு, கோட்டைக்குள்ள மானுக்குப் பின்னால ஒளிச்சிருக்கிற கடன்காரியே, ரெண்டாயிரம்!"

"மானுக்குப் பின்னால ஒளிச்சிருக்கிற கடன்காரியா?" இப்போது தங்கச்சியின் குரல் இறங்குகிறது. "அந்த மானே உன்ர தராசைக் கண்டு புல்லுத் தின்னுறதை விட்டுட்டுது. மீனோட பெருவிரலையும் சேர்த்து நிறுக்கிற விரல் வியாபாரியே, ஒரு கிலோ போடு!"

இந்த நான்கு வரியைப் பாருங்கள். கருவாட்டிலிருந்து காகம், காகத்திலிருந்து கடன், கடனிலிருந்து மான், மானிலிருந்து தராசு. இருவரில் யாரும் முன்கூட்டித் திட்டமிடவில்லை. ஒவ்வொருவரும் மற்றவர் கொடுத்த ஒரு சொல்லை மட்டும் பிடித்தார்கள். நம் ஊர்ப் பிரட்றிக் கோட்டைக்குள் திரிகிற மான் எப்படி இந்த ஏச்சுக்குள் வந்தது என்று கேட்டால் அவர்களுக்கே சொல்லத் தெரியாது.

திருப்பிச் சொல்வது இதில் இரண்டு வேலை செய்கிறது. அரை வினாடி, ஒரு வினாடி நேரத்தை அது வாங்கித் தருகிறது. பதிலை முன்கூட்டித் தேட வேண்டிய நெருக்கடி அதனால் போய்விடுகிறது. நீங்கள் வால் வரை கேட்டீர்களா என்பதையும் சபைக்கு முன்னால் அது காட்டிவிடும். "ஏதோ கருவாடு எண்டீர்" என்று சமாளித்தால், கேட்கவில்லை என்பது எல்லோருக்கும் தெரியும்.

உடம்பில் படுவதுதான் கடினம். புதியவர்கள் சொல்லைத் திருப்பிச் சொல்வார்கள், ஆனால் முகம் அப்படியே இருக்கும். கிளிப்பிள்ளைப் பாடம். உண்மையாக வாங்கினவரை மூச்சை வைத்துக் கண்டுபிடிக்கலாம். பேசுவதற்கு முன் ஒரு மூச்சு உள்ளே இழுக்கப்படும், அல்லது ஒரு கணம் மூச்சே நின்றுவிடும். சபை சிரிப்பதும் பெரும்பாலும் அந்த இடத்தில்தான், ஏச்சைச் சொன்ன இடத்தில் அல்ல. இதைப் பார்த்த பிறகுதான் பிள்ளைகளுக்கு விளங்கும், இந்த ஆட்டத்தில் ஏசுகிறவரை விட ஏச்சு வாங்குகிறவருக்கே வேலை அதிகம் என்று. வாய்க்காரர் என்று பெயர் எடுத்தவர்கள், சினிமா நகைச்சுவையை மனப்பாடம் செய்து வைத்திருப்பவர்கள், இங்கே தடுமாறுவதைப் பார்த்திருக்கிறேன். வாய் திறக்கவே கூச்சப்படுகிற பிள்ளை சில நேரம் முதல் நாளே நன்றாகச் செய்துவிடும். அதற்குப் பையில் ஒன்றும் இல்லை, ஆகவே வந்ததைத்தான் பிடிக்க வேண்டியிருக்கிறது.

இனி, எதை வைத்து ஏசக்கூடாது என்பதைப் பற்றி. உருவம், நிறம், சாதி, சமயம், இனம், ஊர், குடும்பம், இழப்பு, இவற்றைத் தொடக்கூடாது. தமிழரும் முஸ்லிம்களும் சிங்களவரும் சேர்ந்து வாழ்கிற, போரைக் கண்ட ஊர் இது. இந்த விதியை நான் ஒருபோதும் தளர்த்துவதில்லை. மிகைப்படுத்தலே ஒரு பாதுகாப்புத்தான். ஒருவர் காகமாக இருக்க முடியாது, ஆகவே காகம் என்றால் நோகாது. "கடன்காரி" அப்படி இல்லை. மானும் கோட்டையும் சேர்ந்ததால் அது விளையாட்டாக நின்றது. அந்தத் தங்கச்சியின் வீட்டில் உண்மையாகவே கடன் தொல்லை இருந்திருந்தால் மானாலும் அதைக் காப்பாற்ற முடியாது.

அதை எப்படிக் கண்டுகொள்வது? இங்கேதான் கேட்டலின் அடுத்த படி வருகிறது. நடித்த வலி பெரிதாகும், கை அகலும், குரல் ஏறும். உண்மையான வலி சிறிதாகும். கண் கீழே போகும், திருப்பிச் சொல்கிற சொல் பாதியில் தேயும், சிரிப்பு பிந்தி வரும். சிலரிடம் பதில் வழக்கத்தை விட வேகமாக வரும், மூச்சே எடுக்காமல். எதிரில் நிற்பவர் இதைக் கவனித்தால் ஏச்சைத் தன் மேலேயே திருப்பிக்கொள்ள வேண்டும்: "அந்தக் கடனைக் குடுத்த முட்டாள் காகமே நான்தான்!" ஆட்டம் ஓடிக்கொண்டிருக்கும், வலித்தவர் வெளியே வந்துவிடுவார். முடியாவிட்டால் "நிப்பாட்டு" என்ற ஒரு சொல் போதும். யாரும் சொல்லலாம், ஏன் என்று அந்த இடத்தில் யாரும் கேட்கக்கூடாது. பிறகு தனியாகக் கேட்கலாம்.

ஒரு சுற்று ஒரு நிமிடம், கூடினால் இரண்டு. அதற்கு மேல் போனால் அது போட்டியாகிவிடும், இருவரும் மறுபடி பைக்குள் கை விடுவார்கள். ஒருவர் விளக்கமாகச் சொல்கிற நீண்ட பேச்சைப் பொறுமையோடு கேட்கவும் இது கற்றுத் தராது, அதற்கு வேறு பயிற்சிகள் உண்டு.

திருப்பிச் சொல்கிற விதியைக் கடைசி வரை வைத்திருக்கத் தேவையில்லை. சில வாரம் பழகிய பிறகு, வாயால் சொல்லாமல் மனதுக்குள் சொல்லச் சொல்வேன். மூச்சு மட்டும் வெளியே தெரியும். பதில் ஏச்சு முந்திய சொல்லிலிருந்து முளைத்தால் கேட்கிறார்கள் என்று அர்த்தம். பூசணிக்காயும் சைக்கிளும் திரும்பி வந்தால், அடுத்த சுற்றில் மறுபடி வாயால் சொல்ல வைப்பேன். இப்போது இரண்டு பேர் மேலே வாருங்கள். ஒருவருக்கொருவர் பழக்கமில்லாதவர்களாக இருந்தால் நல்லது. மீன் கடை வேண்டாம், தையல் கடை என்று வைப்போம். சட்டை கொடுக்கப் பிந்திவிட்டது. முதல் ஏச்சு வாடிக்கையாளருடையது.