முன்னங்காலில் ஒரு காது

அவையோர் அனைவருக்கும் வணக்கம்.

பூச்சிகளின் ஓசையைப் பற்றிப் பேசத் தொடங்கினால் ஒரு மாலை போதாது. அதனால் ஒரே ஒரு கேள்வியை எடுத்துக்கொள்கிறேன். இருட்டில் ஓர் ஆண் சுவர்க்கோழி பாடுகிறது. சில மீட்டர் தள்ளி, புல்லுக்குள் ஒரு பெண். ஆணை அது பார்க்க முடியாது. ஆனாலும் ஏறக்குறைய நேராக நடந்து போய்ச் சேர்ந்துவிடுகிறது. எந்தப் பக்கம் திரும்ப வேண்டும் என்று அதற்கு எப்படித் தெரிகிறது?

பாட்டைக் கேட்டுத்தான் அது வருகிறது என்பதை 1913-இலேயே யோகான் ரேகன் காட்டிவிட்டார். ஆணின் பாட்டைத் தொலைபேசிக் கம்பி வழியாக வேறோர் இடத்துக்கு அனுப்பினார். பெண் பூச்சி தொலைபேசியில் ஓசை வெளிவரும் கருவியைத் தேடி வந்தது. அங்கே வாசனையும் இல்லை, உருவமும் இல்லை. கேட்டது ஓசை மட்டுமே.

அந்த ஓசை பிறக்கும் விதத்தை முதலில் பார்த்துவிடுவோம். ஆய்வுக்கூடங்களில் அதிகம் வளர்க்கப்படும் கிரில்லஸ் பைமாகுலேட்டஸ் என்ற கறுப்புச் சுவர்க்கோழியையே நான் மனத்தில் வைத்துப் பேசுகிறேன். பலர் நினைப்பதுபோல அது காலை உரசிப் பாடுவதில்லை. முன்னிறக்கைகள் இரண்டும் ஒன்றன்மேல் ஒன்று படிந்திருக்கும். மேலே இருப்பது வலது இறக்கை. அதன் அடிப்பக்கத்தில் ஒரு நரம்பு அரம்போலப் பற்கள் கொண்டது. இடது இறக்கையின் விளிம்பில் தடித்த ஒரு சுரண்டி. இறக்கைகள் மூடும்போது சுரண்டி பல் பல்லாகத் தாண்டிச் செல்கிறது. சீப்பின் மேல் நகத்தை இழுப்பதுபோல. ஒரு பல்லுக்கு ஓர் அதிர்வு. நொடிக்கு ஏறத்தாழ 4800 அதிர்வுகள். இறக்கையில் உள்ள மெல்லிய சவ்வுப் பகுதிகள் அதே அதிர்வெண்ணில் அதிரும்படி அமைந்திருப்பதால் ஓசை பெருகுகிறது. ஒருமுறை மூடினால் 20 மில்லிநொடி நீளமான ஒரு துடிப்பு. திறக்கும்போது ஓசை இல்லை. இப்படி நான்கு துடிப்புகள் சேர்ந்தது நம் காதுக்கு ஒரு ‘கிரீச்’.

சில்வண்டின் வழி முற்றிலும் வேறு. அங்கே உரசலே கிடையாது. வயிற்றின் இருபுறமும் வரிவரியான விறைத்த சவ்வு ஒன்று உண்டு. உள்ளிருந்து தசை இழுக்கும்போது அது சட்டென்று உள்வாங்கும், விட்டதும் திரும்பும். வயிற்றின் பெரும்பகுதி வெறும் காற்றறை. அதுதான் ஓசையைப் பெருக்குகிறது. செவிப்பறையும் அதே வயிற்றில்தான். தன் ஓசையே தன் காதைத் தாக்காதிருக்க, ஆண் பாடும்போது அந்தப் பறையைத் தளரவிட்டுக்கொள்கிறது. அதைத் தனியாகவே பேச வேண்டும். இப்போது சுவர்க்கோழிக்குத் திரும்புகிறேன்.

அதன் காது முன்னங்காலில், முழங்காலுக்குச் சற்றுக் கீழே இருக்கிறது. பின்பக்கமாக வெளிறிய, நீள்வட்டமான ஒரு சவ்வு தெரியும், அதுதான் செவிப்பறை. இரண்டு கால்களின் காதுகளுக்கும் இடையே ஒரு சென்டிமீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். சிக்கல் இங்கேதான் தொடங்குகிறது.

நாம் திசை அறிவது இரண்டு தகவல்களை வைத்து. ஒலி ஒரு காதுக்குச் சற்று முன்னதாக வருகிறது; அந்தக் காதில் சற்று உரக்கவும் கேட்கிறது. சுவர்க்கோழிக்கு இரண்டும் கைகொடுப்பதில்லை. ஆண் வலப்பக்கம் 30 பாகை தள்ளி நிற்பதாகக் கொள்வோம். இடது காதுக்குப் போக ஒலி கூடுதலாகக் கடப்பது அரை சென்டிமீட்டர். அதற்கு ஆகும் நேரம் சுமார் 15 மைக்ரோநொடி. ஒரு நரம்புத் துடிப்பே ஏறக்குறைய ஆயிரம் மைக்ரோநொடி நீடிக்கும். உரப்பும் உதவாது. 4800 ஹெர்ட்ஸ் ஒலியின் அலைநீளம் 7 சென்டிமீட்டர்; பூச்சியோ 3 சென்டிமீட்டருக்குள். அலை அந்தச் சிறு உடலைச் சுற்றிக்கொண்டு போய்விடும். மறுபக்கத்தில் ஒலிநிழல் விழாது.

விடை மூச்சுக்குழலில் இருக்கிறது. செவிப்பறையின் உட்புறத்திலிருந்து ஒரு காற்றுக்குழாய் கால் வழியாக மேலேறி, மார்பின் பக்கத்தில் ஒரு மூச்சுத்துளையாகத் திறக்கிறது. வலக் குழாயையும் இடக் குழாயையும் உடலுக்குக் குறுக்கே இன்னொரு குழாய் இணைக்கிறது. நடுவில் மிக மெல்லிய ஒரு தடுப்புச் சவ்வு. ஆக, ஒவ்வொரு பறைக்கும் ஒலி பல வழிகளில் வருகிறது. வெளியிலிருந்து நேராக ஒன்று. தன் பக்கத்து மூச்சுத்துளை வழியாக உள்ளிருந்து ஒன்று. எதிர்ப்பக்கத்து மூச்சுத்துளை வழியாக, தடுப்பைக் கடந்து தாமதமாக இன்னொன்று.

பறை அசைவது வெளி அழுத்தத்துக்கும் உள் அழுத்தத்துக்கும் உள்ள வேறுபாட்டால். வெளியே அழுத்தம் ஏறும் கணத்தில் உள்ளே இறங்கினால் பறை நன்றாக ஆடும். இரண்டும் சேர்ந்தே ஏறினால் ஆட்டம் அடங்கும். ஆண் வலப்பக்கம் இருந்தால் வலது பறையில் முதல் நிலையும், இடது பறையில் இரண்டாம் நிலையும் அமைகின்றன. உணர முடியாத அந்த 15 மைக்ரோநொடி, குழாய்களுக்குள் நடக்கும் இந்தக் கூட்டல் கழித்தலால், உணரக்கூடிய உரப்பு வேறுபாடாக மாறிவிடுகிறது. நரம்புக்குப் போவதற்கு முன்பே கணக்கு முடிந்துவிட்டது. எனக்கு இதில் பிடித்ததே இதுதான். ஆக்சல் மிக்கெல்சன் குழுவினர் நடுத் தடுப்பில் துளையிட்டுப் பார்த்தபோது, முன்பக்கத்திலிருந்து வரும் ஒலிகளுக்கு இருந்த கூர்மையான இடவல வேறுபாடு மங்கிப்போனது.

இந்த ஏற்பாட்டுக்கு ஒரு பலவீனம் உண்டு. குழாயின் நீளம் மாறாது. ஆகவே கணக்கு ஒரு குறிப்பிட்ட அதிர்வெண்ணுக்கு அருகில்தான் சரியாக வரும். 1982-இல் தோர்சன், வேபர், ஹூபர் மூவரும், எங்கு நடந்தாலும் பூச்சியை உச்சியிலேயே வைத்திருக்கும் ஓர் உருளும் பந்தின் மேல் பெண்ணை நடக்கவிட்டார்கள். பாட்டின் தாளத்தை மாற்றாமல் சுருதியை மட்டும் உயர்த்தினார்கள். அது ஆர்வமாக நடந்தது. ஆனால் ஒலிபெருக்கியை நோக்கி அல்ல. 40 பாகைக்கும் மேல் விலகிய ஒரு திசையில், விடாப்பிடியாக நடந்தது. தன் இனத்துப் பாட்டு என்று தெரிகிறது; அது வரும் இடம் மட்டும் தப்பாகத் தெரிகிறது.

இனம் அறிவதும் திசை அறிவதும் வெவ்வேறு வேலைகள் என்பது இதிலிருந்தே புலப்படும். பெர்தோல்ட் ஹெட்விக் குழுவின் அளவீடுகள் அதை இன்னும் தெளிவாக்கின. பெண் பூச்சி பாட்டின் ஒவ்வொரு துடிப்புக்கும் தனித்தனியாக, சுமார் 60 மில்லிநொடிக்குள், அது வந்த பக்கம் சிறிது திரும்புகிறது. தாளம் சரியா என்று மூளை முடிவு செய்யும்வரை கால்கள் காத்திருப்பதில்லை. மூளையில் நடப்பது வேறொன்று: முதல் துடிப்பின் செய்தி ஒரு நரம்பு வழியில் தாமதப்படுத்தப்பட்டு, நேரடியாக வரும் இரண்டாம் துடிப்பின் செய்தியோடு சந்திக்கிறது. இரண்டும் ஒரே நேரத்தில் வந்தால்தான் அடையாளம் காணும் நரம்பணு பலமாகத் துடிக்கும். இடைவெளி பிசகினால் சந்திப்பு நடக்காது. தாளம் ஒருமுறை பிடித்துவிட்டாலோ, நடுவே கலந்த தவறான துடிப்புகளின் பக்கமும் சிறிது நேரம் திரும்பிக்கொண்டே இருக்கும்.

ஒரு முன்னங்காலை இழந்த பூச்சி என்ன செய்யும்? கேட்கும் பக்கத்துக்கே திரும்பித் திரும்பி வட்டமடிக்கும். ஆனால் இளம் பருவத்திலேயே கால் போனால் கதை வேறு. உள்ளீடு இழந்த பக்கத்துச் செவி நரம்பணுவின் கிளைகள் உடலின் நடுக்கோட்டைத் தாண்டி வளர்ந்து, எதிர்ப்பக்கத்துக் காதின் நரம்புகளோடு இணைகின்றன. காது ஒன்றானாலும் நரம்பு இரண்டு பக்கமும் உயிர்பெறுகிறது. வளர்ந்தபின் அவற்றில் சில பாட்டை நோக்கித் திரும்பவும் செய்கின்றன. இரண்டு காதுள்ள பூச்சியின் துல்லியத்தோடு அல்ல.