சூரிய உதய டைம்லேப்ஸில் துடிக்கும் வெளிச்சம்: ஒரு சந்தேகமும் விளக்கமும்

கேள்வி: "அண்ணே, நான் நாகர்கோவில். கன்னியாகுமரி கடற்கரையில் சூரிய உதயத்தை 5 விநாடிக்கு ஒரு படமாக 480 படம் எடுத்தேன். அப்பர்ச்சர் பிரயாரிட்டி, f/8, ஐஎஸ்ஓ 100, எல்லாம் ரா ஃபைல். வீடியோவாக்கினால் வானம் துடிக்கிறது. ffmpeg-இல் deflicker=size=5 போட்டேன். கொஞ்சம் குறைந்தது, ஆனால் புதுசாக வேறொரு துடிப்பு வந்த மாதிரி இருக்கிறது. என்ன செய்ய?"

தம்பி, நீங்கள் பார்த்த அந்தப் புதுத் துடிப்பு நிஜம்தான், கண் மயக்கம் இல்லை. அதை முதலில் சொல்லிவிடுகிறேன். ffmpeg-இன் அந்த ஃபில்டர் ஒவ்வொரு ஃபிரேமிலும் முழுப் படத்தின் சராசரி வெளிச்சத்தைத்தான் அளக்கிறது. உங்கள் படத்தின் கீழ்ப்பாதி கடல். அலை பாறையில் அடித்து நுரை பரவும் ஃபிரேமில் வெள்ளை கூடும், சராசரி ஏறும். உடனே ஃபில்டர் மொத்தப் படத்தையும் கொஞ்சம் இருட்டாக்கும். நுரை வடிந்ததும் பழையபடி ஏற்றிவிடும். ஆக, அலை அடிக்கும்போதெல்லாம் வானம் மங்கும். முட்டத்தில் எடுத்த ஒரு வீடியோவில் நானும் இப்படி மாட்டியிருக்கிறேன். மேகம் என்றே இரண்டு நாள் நம்பிக்கொண்டிருந்தேன். அப்புறம்தான் நுரையும் வானமும் ஒரே தாளத்தில் போவது கண்ணில் பட்டது.

சரி, மூலத் துடிப்பு எங்கிருந்து வந்தது? அப்பர்ச்சர் பிரயாரிட்டியில் ஷட்டர் வேகத்தை கேமராதான் தேர்ந்தெடுக்கிறது, அதுவும் மூன்றில் ஒரு ஸ்டாப் என்று படிப்படியாகத்தான் மாற்றும். வெளிச்சம் இரண்டு படிகளுக்கு நடுவில் நிற்கும்போது ஒரு படம் 1/125, அடுத்தது 1/160, மறுபடி 1/125 என்று தடுமாறும். ஒரு படி என்றால் சென்சாருக்கு வரும் ஒளியில் சுமார் 26 சதவீத வித்தியாசம். அது விநாடிக்கு 25 ஃபிரேம் வேகத்தில் ஓடினால் துடிக்காமல் என்ன செய்யும்?

இதில் நமக்கு ஒரு வசதி இருக்கிறது. கேமரா என்ன மாற்றியது என்பதை ஒவ்வொரு படத்தின் எக்சிஃப் தகவலிலும் எழுதி வைத்திருக்கிறது. படத்தைப் பார்த்து ஊகிக்க வேண்டியதில்லை, கணக்கைப் படித்தாலே போதும். ரா ஃபைல்கள் இருக்கும் ஃபோல்டரில் இதை ஓட்டுங்கள்:

```
exiftool -n -T -FileName -ExposureTime -ISO . > list.txt
```

படங்கள் வரிசையாக வந்திருக்கின்றனவா என்று பார்த்துவிட்டு, கிடைத்த ஃபைலை எக்செல் மாதிரி ஒரு ஷீட்டில் திறங்கள். A-இல் பெயர், B-இல் ஷட்டர், C-இல் ஐஎஸ்ஓ இருக்கும். D1-இலும் E41-இலும் முறையே இவற்றைப் போட்டு, D-ஐக் கடைசி வரைக்கும், E-ஐ 440-ஆவது வரி வரைக்கும் இழுங்கள்:

```
=-LOG(B1*C1/100,2)
=D41-AVERAGE(D1:D81)
```

D என்பது கேமரா நின்ற படி, ஸ்டாப் கணக்கில். 1/125-க்கு 6.97 வரும், 1/160-க்கு 7.32 வரும். E-இல் வருவது, அந்தப் படம் தன் அக்கம்பக்கத்து 81 படங்களின் சராசரியிலிருந்து எவ்வளவு விலகியிருக்கிறது என்பது. அந்த இடத்தில் சராசரி 7.14 என்று வைத்துக்கொள்ளுங்கள். 1/160-இல் எடுத்த படத்துக்கு +0.18, 1/125-இல் எடுத்ததற்கு -0.17 வரும். ரா எடிட்டரில் எக்ஸ்போஷர் ஸ்லைடருக்கு அதே எண்ணை அப்படியே கொடுத்தால் இரண்டும் ஒரே வெளிச்சத்துக்கு வந்துவிடும். 400 படத்துக்குக் கையால் கொடுக்க யாராலும் முடியாது. LRTimelapse மாதிரி மென்பொருள்கள் இந்த வேலையைத் தானாகச் செய்யும். ஆனால் உள்ளே என்ன நடக்கிறது என்று தெரிந்தால்தான் எங்கே தவறுகிறது என்பதும் தெரியும்.

ஏன் 81? இதில்தான் உங்கள் size=5-உம் சறுக்கியது. உங்கள் கேமரா 1/30-இல் ஆரம்பித்து 1/500-இல் முடித்தது என்றால் மொத்தம் சுமார் 4 ஸ்டாப், அதாவது 12 படிகள். 480 படத்தை 12-ஆல் வகுத்தால் ஒரு படியில் சராசரியாக 40 படம். ஐந்து ஃபிரேம் ஜன்னல், தடுமாற்றத்தைத் தணிக்கும், ஆனால் படிக்கட்டு படிக்கட்டாகவே நிற்கும், விளிம்பு மட்டும் கொஞ்சம் மழுங்கும். பார்ப்பவருக்கு அது ஒன்றரை விநாடிக்கு ஒருமுறை வரும் திடீர் மங்கலாகத் தெரியும். ஜன்னல் ஒரு படியின் நீளத்தைவிட நன்றாகப் பெரிதாக இருந்தால்தான் படிக்கட்டு சரிவாக மாறும். அதற்காக எல்லாப் படத்தையும் ஒரே எக்ஸ்போஷருக்குச் சமன் செய்துவிடாதீர்கள். சூரியன் ஏறிய பிறகு உள்ள படங்கள் வெளுத்துப்போகும். நாம் நீக்குவது வேகமான ஏற்ற இறக்கத்தை மட்டும். மேகம் சூரியனை மறைத்து இருட்டினால், அது நிஜமாக நடந்தது, வீடியோவிலும் இருக்கட்டும்.

இதற்கு ஒரு விலை உண்டு. முதல் 40, கடைசி 40 படங்களுக்கு ஒரு பக்கத்தில் அண்டை போதாது, வெட்டிவிட வேண்டும். 400 படம், 16 விநாடி மிஞ்சும். அடுத்த முறை மூன்று நான்கு நிமிடம் முன்னாடியே ஆரம்பித்து, அதே அளவு பின்னாடி வரை ஓட விடுங்கள்.

இதன் பிறகும் மெல்லிய நடுக்கம் மிஞ்சலாம். அது அப்பர்ச்சரால் வருவது. f/8 என்றால் ஒவ்வொரு படத்துக்கும் லென்ஸின் தகடுகள் மூடித் திறக்கின்றன, ஒவ்வொரு தடவையும் இம்மி பிசகாமல் ஒரே இடத்தில் நிற்பதில்லை. எக்சிஃபில் எல்லாவற்றிலும் f/8 என்றே இருக்கும், அதனால் ஷீட்டில் இது சிக்காது. இதற்கு மட்டும் படத்தைப் பார்த்து அளக்கும் டிஃப்ளிக்கர் வேண்டும், ஆனால் முழுப் படத்தை அல்ல, ஒரு சின்னக் கட்டத்தை மட்டும் அளப்பது. LRTimelapse-இல் அந்தக் கட்டத்தை நீங்களே வரையலாம். சூரியனிலிருந்து தள்ளி, மேகம் இல்லாத மேல்மூலை வானம்தான் நல்லது. வள்ளுவர் சிலையைக் கட்டத்துக்குள் வைக்கலாமே என்று தோன்றும், அசையாமல்தான் நிற்கிறது. ஆனால் வெளிச்சம் பின்னாலிருந்து வருவதால் அது கரும் நிழல். அவ்வளவு இருட்டில் சின்ன இரைச்சல்கூட பெரிய சதவீதமாகத் தெரியும். பாறைப் பக்கமும் வேண்டாம், படகு குறுக்கே போகும்.

இதைப் பார்க்கும் மற்றவர்களில் ஜேபெக் மட்டும் வைத்திருப்பவர்களும் இருப்பீர்கள். அதில் சூரியனைச் சுற்றி வெளுத்துப்போன பகுதியில் தகவலே இல்லை. வெளிச்சமான ஃபிரேமைக் குறைத்தால் அந்த வட்டம் சாம்பல் தட்டாகிவிடும். அதனால் இருட்டானவற்றை மட்டும் பக்கத்துப் படத்தின் அளவுக்கு ஏற்றுங்கள், வெளிச்சமானதைத் தொடாதீர்கள்.

எல்லாம் முடிந்ததும் முழு வீடியோவைப் பார்த்துத் தீர்ப்புச் சொல்லாதீர்கள், கண் அலையோடு போய்விடும். வானத்தின் ஒரு மூலையை மட்டும் கிராப் செய்து திரை நிறையப் பெரிதாக்கி ஓடவிடுங்கள். துடிப்பு ஏதாவது மிச்சம் இருந்தால் முதல் இரண்டு விநாடியிலேயே தெரிந்துவிடும்.