போட்டோ இல்லையா? ஏசி ஸ்டிக்கரை எழுத்தில் எடுத்து வாரண்டி கேட்பது எப்படி

வணக்கம் நண்பர்களே. இன்றைக்கு பெரியம்மா வீட்டு மொட்டை மாடியில் நிற்கிறேன். காற்றுச் சத்தம் கொஞ்சம் வரும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

இந்த ஸ்பிளிட் ஏசியில் கம்ப்ரசர் போய்விட்டது. மெஷினுக்கு ஒரு வருட வாரண்டி எப்போதோ முடிந்துவிட்டது. ஆனால் கம்ப்ரசருக்கு மட்டும் பத்து வருடம் என்று வாரண்டி கார்டில் இருக்கிறது. கம்பெனி கேட்பது சீரியல் நம்பர் ஸ்டிக்கரின் விவரம். மாட்டிய அன்று எடுத்த போட்டோ பழைய போனோடு போய்விட்டது. இப்போது ஸ்டிக்கரோ வெயிலில் வெளுத்துக் கிடக்கிறது. புதிதாகப் போட்டோ எடுத்து அனுப்பினால் வெள்ளையாகத்தான் தெரியும். அதனால் அதில் உள்ளதை எழுத்தாக எடுத்து அனுப்ப வேண்டும்.

முதலில் ஒன்று. ஸ்பிளிட் ஏசியில் இரண்டு ஸ்டிக்கர், இரண்டு சீரியல் நம்பர். உள்ளே சுவரில் இருப்பதற்கு ஒன்று, வெளியே இருப்பதற்கு ஒன்று. கம்ப்ரசர் இருப்பது வெளியே இருக்கும் பெட்டியில். பில்லில் பல கடைக்காரர்கள் இன்டோர் யூனிட்டின் நம்பரை மட்டும் போட்டிருப்பார்கள். அதையே கம்ப்ரசர் புகாருக்கு எழுதினால் கணக்கு பொருந்தாது. பெரியம்மா பில்லிலும் அப்படித்தான் இருக்கிறது. நட்சத்திரம் போட்ட பெரிய மின்சிக்கன லேபிளையும் இதோடு குழப்பிக்கொள்ள வேண்டாம், அது வேறு.

சரி, மாடியில் எட்டும் இடத்தில் இருப்பதால்தான் நானே பார்க்கிறேன். மூன்றாவது மாடி ஜன்னலுக்கு வெளியே தொங்குகிறது என்றால் தயவுசெய்து எட்டிப் பார்க்காதீர்கள், ஏசி மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள். கீழே எம்சிபியை ஆஃப் செய்துவிட்டுத்தான் வந்திருக்கிறேன்.

இதோ, குழாய்கள் வந்து சேருகிற பக்கத்துத் தகட்டில் ஸ்டிக்கர். ஈரத் துணியால் மெதுவாகத் தூசியை மட்டும் எடுக்கிறேன். தின்னர், பெட்ரோல், நெயில் பாலிஷ் ரிமூவர் எதுவும் வேண்டாம், மிச்சமிருக்கும் மையும் போய்விடும். டார்ச்சை நேராக அடித்தால் பளபளப்புதான் தெரிகிறது. பக்கவாட்டில், தகட்டோடு ஒட்டினாற்போல அடித்துப் பாருங்கள். பாதி எழுத்து எழுந்து வருகிறது, தெரிகிறதா?

பார்கோடு கிழியாமல் இருந்தால் உங்களுக்கு அதிர்ஷ்டம். போனில் ஸ்கேன் செய்தால் நம்பர் எழுத்தாகவே வந்துவிடும், காப்பி செய்துகொள்ளலாம். ஆனால் சில ஸ்டிக்கர்களில் சீரியலுக்கு முன்னால் வேறு ஒரு கோடும் சேர்ந்து வரும். அதனால் பார்கோடுக்குக் கீழே அச்சில் உள்ளதோடு ஒப்பிட்டுவிட்டு, அச்சில் உள்ளதை எழுதுங்கள். இங்கே பார்கோடு பாதி போய்விட்டது, ஸ்கேன் ஆகவில்லை.

இனி கையால்தான். நான் ஒவ்வொரு எழுத்தாகப் படிக்க, பெரியம்மா நோட்டில் பேனாவால் எழுதுகிறார். பிறகு அவர் கடைசியிலிருந்து முதலுக்குத் திருப்பிப் படிக்க, நான் ஸ்டிக்கரைப் பார்க்கிறேன். நேராகப் படித்தால் மனசு முன்பு சொன்னதையே சொல்லிக்கொண்டு போகும். திருப்பிப் படித்தால் விட்டுப்போன எழுத்து மாட்டிவிடும்.

ஆறாவது எழுத்தில் சிக்கல். அது 8 ஆகவும் இருக்கலாம், B ஆகவும் இருக்கலாம். இதே போல 0, O என்ற ஜோடி, 5, S, அப்புறம் 1, I. இங்கே ஊகித்து எழுதக் கூடாது. வீட்டுக்குள் போய் இன்டோர் யூனிட்டின் ஸ்டிக்கரைப் பார்த்தேன். வெயில் படாததால் அது புதிது போல இருக்கிறது. அதில் நான்கு எண், இரண்டு ஆங்கில எழுத்து, பிறகு ஆறு எண் என்ற வரிசை. ஒரே கம்பெனி, ஒரே செட். இரண்டு நம்பரும் ஒன்றாக இருக்காது, ஆனால் அடுக்கு பெரும்பாலும் ஒரே மாதிரி இருக்கும். ஆறாவது இடம் ஆங்கில எழுத்து என்றால் இது B ஆகத்தான் இருக்க வேண்டும். இருந்தாலும் சந்தேகத்தைத் தனியாக ஒரு வரியில் எழுதிவிடுகிறேன். நம்பரையும் பில் தேதியையும் வைத்து அவர்களே சரிபார்த்துக்கொள்வார்கள்.

இன்னொரு சோதனை, புள்ளி மறைந்த எண்களுக்கு. கரண்ட் என்ற இடத்தில் 66 என்று தெரிகிறது. வீட்டு ஏசி 66 ஆம்பியர் எடுத்தால் நம் வயரிங் தாங்காது. 230 வோல்ட்டை 6.6 ஆல் பெருக்கினால் 1518. ஸ்டிக்கரில் வாட் 1480 என்றிருக்கிறது, கிட்டத்தட்ட பொருந்துகிறது. அப்படியானால் 6.6 தான், நடுவில் புள்ளி அழிந்திருக்கிறது. கேஸ் அளவும் அப்படித்தான். 080 kg என்று தெரிவது 0.80 kg. ஒன்றரை டன் ஏசிக்கு ஒரு கிலோவை ஒட்டிய அளவுதான் சரி.

நான் எழுதியது இப்படி இருக்கிறது. மாடலும் நம்பரும் வீடியோவுக்காக மாற்றியவை:

```
OUTDOOR UNIT
MODEL: KX-18V5B/OD
SERIAL: 2104KB805317
(6th character faded: B or 8)
230 V~ 50 Hz 1 Ph
INPUT: 1480 W   CURRENT: 6.6 A
REFRIGERANT: R32  0.80 kg
MFG: 04/2021

INDOOR UNIT
MODEL: KX-18V5B/ID
SERIAL: 2103KA711926
```

மாடலில் அந்த சாய்கோடு, கடைசி எழுத்துகள் எல்லாம் முக்கியம். இன்டோருக்கும் அவுட்டோருக்கும் வித்தியாசமே அந்தக் கடைசி இரண்டு எழுத்தில்தான் இருக்கிறது. தயாரித்த மாதத்தை ஸ்டிக்கரில் இருக்கிறபடி எழுதுங்கள், அதை வாங்கிய தேதி என்று எழுதாதீர்கள். பில் இருந்தால் பொதுவாக வாரண்டி பில் தேதியிலிருந்து ஓடும். பில் தொலைந்துபோனால் தயாரித்த தேதியிலிருந்து கணக்கு வைக்கும் கம்பெனிகளும் உண்டு. அதனால் பில் நகலைக் கடையில் கேட்டுப் பாருங்கள், ஜிஎஸ்டி பில் என்றால் மொபைல் நம்பரை வைத்தே பல கடைகளில் எடுத்துத் தருவார்கள்.

டைப் செய்யும்போது போனின் ஆட்டோகரெக்ட்டை அணைத்துவிடுங்கள். குரலில் டைப் செய்வது இதற்கு உதவாது, பி, டி, ஈ எல்லாம் அதற்கு ஒன்றுதான். வாட்ஸ்அப்பில் அனுப்பினால் ஒரு சின்ன விஷயம்: தெரியாத எழுத்துக்குப் பதிலாக நட்சத்திரக் குறியோ அடிக்கோடோ போடாதீர்கள். இரண்டு நட்சத்திரத்துக்கு நடுவில் வருவதை அது தடித்த எழுத்தாக்கி, குறியை மறைத்துவிடும். கேள்விக்குறி போடுங்கள். கம்பெனியின் இணையப் படிவம் என்றால் சீரியலில் இடைவெளி விடாமல் ஒரே மூச்சில் அடியுங்கள். படிப்பதற்கு வசதியாக நான்கு நான்காகப் பிரித்து எழுதிய இடைவெளியை அப்படியே ஒட்டினால் சில படிவங்கள் ஏற்காது.

கம்ப்ரசருக்கு உள்ளேயே தனி ஸ்டிக்கர் இருக்கிறதே என்று மூடியைக் கழற்றாதீர்கள். முதல் புகாருக்கு அது தேவையில்லை. ஆர்32 தீப்பிடிக்கக் கூடிய கேஸ் வேறு. டெக்னீஷியன் திறக்கும்போது பழைய கம்ப்ரசரின் நம்பரையும் புதிதாகப் போடுவதன் நம்பரையும் ஜாப் ஷீட்டில் எழுதச் சொல்லுங்கள். ஷீட்டில் கையெழுத்து வாங்கியதும் அதிலுள்ளதையும் இதே மெசேஜுக்குக் கீழே டைப் செய்து சேர்த்துவிடுவேன். பெரியம்மா கீழே இருந்து கூப்பிடுகிறார், கம்பெனியிலிருந்து போன் போலிருக்கிறது. எம்சிபியை யாரும் போட்டுவிடாமல் பார்த்துக்கொண்டு நான் இறங்குகிறேன், அடுத்த வீடியோவில் பார்க்கலாம்.