பவுல் "மார்க்கம்"னாரு, வக்கீல் "மதபேதம்"னாரு: ஆய்வேட்டுல எதை எழுதணும்?

[திரையில்: ஆய்வேட்டின் ஒரு பக்கம். ஒரு வரியைச் சுற்றிச் சிவப்பு மை.]

இந்த ஒரு வரிக்காக வாய்மொழித் தேர்வுல என்னை வறுத்து எடுத்துட்டாங்க மக்களே. இருபது நிமிஷம். நான் எழுதினதை அப்படியே வாசிக்கேன், சிரிக்காதீங்க.

"1857ஆம் ஆண்டு நாசரேத் வட்டாரத்தில் கிளம்பிய போலிக் கிறிஸ்தவக் கூட்டமான இந்து கிறிஸ்தவ சபை, திருச்சபையை உடைத்து, அப்பாவி மக்களைத் துர்உபதேசத்துக்குள் இழுத்துச் சென்றது."

வெளியில இருந்து வந்த தேர்வாளர் கண்ணாடியைக் கழட்டி வச்சுட்டுக் கேட்டார்: "தம்பி, இந்த வரியில நீங்களா கண்டுபிடிச்சது எது?"

நானும் பாத்தேன். வருஷம் இருக்கு, ஊர் இருக்கு, நம்ம தென்மாவட்டத்து நாசரேத். மத்தது எல்லாம் நான் மாசக்கணக்கா வாசிச்ச மிஷனரி கடிதங்கள்ல இருந்து ஒட்டிக்கிட்டு வந்தது. கருவேலங்காட்டுக்குள்ள நடந்துட்டு வந்தா வேட்டியில முள் ஒட்டும்லா, அந்த மாதிரி. ஒட்டினதே தெரியலை.

வணக்கம், திருநெல்வேலிச் சீமையில இருந்து பேசுதேன். சமயக் குழுக்களைப் பத்தி ஆய்வுக் கட்டுரை எழுதும்போது கல்ட், செக்ட், ஹெரசி, தமிழ்ல போலி மதம், மதபேதம், வேதப்புரட்டு, இந்த வார்த்தைகளை ஏன் தூக்கி வைக்கணும், அந்த இடத்துல எதைப் போடணும், இதுதான் இன்னைக்குக் கதை.

[திரையில்: மூன்று சொற்கள், மூன்று மூலங்கள்.]

வரலாறை ஓட்டமா சொல்லிடுதேன். கல்ட் லத்தீன்ல "பேணுதல், வழிபாடு". செக்ட் "பின்பற்றுதல்". ஹெரசி கிரேக்கத்துல "தெரிவு", ஒருத்தர் தேர்ந்தெடுத்த வழி. பிறந்தப்ப மூணும் நல்ல பிள்ளைங்க. சேர்க்கை சரியில்லை. அவ்வளவுதான் வரலாறு.

இப்ப நான் இந்த வீடியோவை எடுத்ததே எதுக்குன்னா, அதுக்கு வருவோம். நம்ம ஊர்ல பாதி வீட்டு அலமாரியில இருக்க புஸ்தகம். வேதாகமம், அப்போஸ்தலர் நடபடிகள், 24ஆம் அதிகாரம். இருக்கவங்க எடுத்து வச்சுக்கோங்க, நான் காத்திருக்கேன்.

[திரையில்: செசரியா, தேசாதிபதியின் நீதிமன்றம். கோட்டுச் சித்திரம்.]

இயேசுவைப் பத்திப் பிரசங்கம் பண்ணிட்டு இருந்த பவுலைப் பிடிச்சு செசரியாவில தேசாதிபதி பேலிக்ஸ் முன்னால நிறுத்தியிருக்காங்க. எதிர்த்தரப்புக்கு வக்கீல் ஒருத்தர், பேரு தெர்த்துல்லு. நம்ம தமிழ் வேதாகமம் அவரை "நியாயசாதுரியன்"னு சொல்லும். என்ன வார்த்தை பாருங்க! பாளையங்கோட்டை கோர்ட்டு வாசல்ல அப்படி ஒரு போர்டு வச்சா கூட்டம் அலைமோதும்.

இந்த நியாயசாதுரியன் பவுல் மேல சாத்துற குத்தத்துல ஒண்ணு என்ன? இவன் நசரேயருடைய மதபேதத்துக்கு முதலாளி, அதாவது இயேசுவைப் பின்பற்றுறவங்களுக்குத் தலைவன். அஞ்சாவது வசனம்.

பவுல் எந்திரிச்சுப் பதில் சொல்லுதார், பதினாலாவது வசனம். "இவர்கள் மதபேதம் என்று சொல்லுகிற மார்க்கத்தின்படியே" எங்க முன்னோர்களோட தேவனை ஆராதிக்கேன்னு சொல்லுதார்.

நிறுத்துங்க. அந்த வரியை இன்னொரு தடவை கேளுங்க. "இவர்கள் மதபேதம் என்று சொல்லுகிற மார்க்கம்." ஆய்வு எழுதுறவனுக்கு வேண்டிய மொத்த வித்தையும் அதுக்குள்ள இருக்கு. எதிராளி வச்ச பேரை அவர் மறைக்கலை. ஆனா அதைச் சொன்னது யாருன்னு முன்னால ஒட்டிட்டார்: "இவர்கள்... என்று சொல்லுகிற". அடுத்து தங்க ஆளுங்க வச்சிருந்த பேரைச் சொன்னார்: மார்க்கம், வழி. ரெண்டு பேர், ரெண்டுக்கும் உரிமையாளர் தெளிவா இருக்கு.

இன்னும் சுவாரசியம் இருக்கு. இங்க "மதபேதம்"னு தமிழ்ல வந்திருக்க கிரேக்கச் சொல்லு, நான் முன்ன சொன்ன அதே ஹெரசியோட மூலச் சொல்லு. அதே சொல்லு இதே புஸ்தகத்துல முன்னாடியும் வருது. யூதங்க மத்தியில அன்னைக்குச் செல்வாக்கா இருந்த ரெண்டு குழுவுக்கு: அஞ்சாம் அதிகாரத்துல சதுசேயரைப் பத்தி, பதினஞ்சாம் அதிகாரத்துல பரிசேயரைப் பத்தி. அங்க தமிழ்ல என்ன போட்டிருக்காங்க? "சதுசேய சமயத்தினர்". "பரிசேய சமயத்தார்". சமயம்!

ஒரே கிரேக்கச் சொல்லு. ஊர்ல காலூன்றினவங்களுக்குப் போட்டா "சமயம்". கூண்டுல நிக்கிறவனுக்குப் போட்டா "மதபேதம்". மொழிபெயர்த்தவங்களைக் குத்தம் சொல்லலை, வக்கீல் வாயில வார தொனிக்கு அது பொருத்தம்தான். ஆனா சொல்லுக்குள்ள இல்லாத கசப்பு, யாரைப் பாத்துச் சொல்லுதோம்ங்கிறதுல இருந்து வருது பாருங்க. இதை முதல் தடவை ஒப்பிட்டுப் பாத்த அன்னைக்கு ராத்திரி எனக்குத் தூக்கம் வரலை. என் வீட்டுக்காரி கேட்டா, பரிசேயன் யாருன்னு தெரிஞ்சா கரண்டு பில்லு குறையுமான்னு.

இது கிறிஸ்தவங்க விவகாரம் மட்டும்னு நினைச்சுராதீங்க. சங்கரர் வழி வந்தவங்க தங்களை அத்வைதின்னு சொல்லிக்குவாங்க, எதிர்த்து வாதாடினவங்க "மாயாவாதி"ன்னு எழுதி வச்சிருக்காங்க. "மாயாவாதிகள்"னு உங்க ஆய்வுரையில நீங்களா எழுதுன நிமிஷம், பல நூற்றாண்டா நடக்குற ஒரு வாதத்துல ஒரு பக்கம் போய் உக்காந்துட்டீங்க. அதே சமயம் ஆழ்வார்திருநகரிப் பக்கம் போய்ப் பாருங்க: வடகலை, தென்கலை. நாமம் போடுறதுல எவ்வளவு சண்டை, கோர்ட்டு வரைக்கும் போயிருக்காங்க. ஆனா பேரு? ரெண்டு பேருக்கும் "கலை". அதை ஏன் செக்ட்னு மாத்தணும்? வடகலைன்னே எழுதுங்க, முதல் தடவை வரும்போது ஒரு வரி விளக்கம் குடுங்க.

[திரையில்: பழைய வரி மேலே, கீழே வெற்றிடம்.]

சரி, என் வரிக்கு வாரேன். பிரிச்சு மேய்வோம்.

"போலி". அசல் எதுன்னு தீர்ப்பு சொல்ல நான் யாரு? போச்சு.

"கூட்டம்". அவங்க தங்களைச் சபைன்னுதான் சொன்னாங்க. சபைன்னே இருக்கட்டும். இங்க ஒரு சந்தேகம் வரும்: அவங்க வச்ச பேரையே போட்டா அவங்களை ஆதரிச்ச மாதிரி ஆகாதா? ஆகாது. "உண்மையான இயேசு சபை"ன்னு 1917ல சீனாவுல தொடங்கின ஒரு சபை இருக்கு. அந்தப் பேரை எழுதினா மத்ததெல்லாம் பொய்ச் சபைன்னு ஒத்துக்கிட்டதா அர்த்தம் இல்லை. ராஜான்னு பேரு வச்சவருக்கு நாம கப்பமா கட்டுதோம்?

"அப்பாவி மக்கள்", "இழுத்துச் சென்றது". இது ரொம்ப மோசம். சேர்ந்தவங்களுக்குச் சொந்தப் புத்தியே இல்லைன்னு சொல்லுது. எத்தனை குடும்பம், எந்த ஊரு, என்ன காரணம், அதைத் தேடி எழுதியிருக்கணும். எழுதலை. இந்த மாதிரி வார்த்தைகளோட உண்மையான கேடு அதுதான். முத்திரை குத்தினதும் விளக்கம் சொல்லியாச்சுன்னு ஒரு திருப்தி வந்துரும், தேடுறதை நிப்பாட்டிருவோம்.

"துர்உபதேசம்". இதை அழிக்கக் கூடாது! கடிதத்துல அப்படி இருந்தா அது ஒரு சான்று. பவுல் செஞ்ச மாதிரி, சொன்னவங்க பேரை முன்னால ஒட்டணும், அவ்வளவுதான். கி.பி. 325ல திருச்சபை ஆயர்கள் கூடின நிக்கேயா சங்கம், ஆரியுங்கிற போதகரோட போதனையைக் கண்டிச்சதுன்னு எழுதினா அது வரலாறு. "ஆரியுவின் வேதப்புரட்டு"ன்னு எழுதினா நீங்களும் அந்தச் சங்கத்துல கை தூக்குன மாதிரி.

திருத்தின வரி இது:

[திரையில், மெதுவாக]

"1857ஆம் ஆண்டு நாசரேத்தை அடுத்த பிரகாசபுரத்தில், சட்டாம்பிள்ளை எனப்பட்ட அருமைநாயகத்தின் தலைமையில் இந்து கிறிஸ்தவ சபை உருவானது. மிஷனரி சபையிலிருந்து பிரிந்த இவர்கள், ஞாயிறுக்குப் பதில் சனிக்கிழமையை ஓய்வுநாளாக ஆசரித்தனர். பழைய ஏற்பாட்டுப் பண்டிகைகளைக் கைக்கொண்டனர். இவர்களுடைய போதனையை மிஷனரி கடிதங்கள் துர்உபதேசம் என்று குறிப்பிடுகின்றன."

பழைய வரியைப் படிச்சவனுக்கு எனக்குக் கோவம்னு மட்டும்தான் தெரியும். இதைப் படிச்சா அவங்க சனிக்கிழமை என்ன செஞ்சாங்கன்னு தெரியும்.

கமெண்ட்ல ஒருத்தர் கண்டிப்பா வருவார்: "அப்ப கொலை செஞ்சவனையும் நல்லவன்னு எழுதணுமோ?" வாங்க சார். 1978 நவம்பர் 18, கயானா, ஜோன்ஸ்டவுன். மக்கள் கோவில்ங்கிற அமைப்போட குடியிருப்பு. 900 பேருக்கு மேல செத்தாங்க, நிறைய பேர் குழந்தைங்க, சயனைடு கலந்த பானம். நான் இப்ப கல்ட்ங்கிற வார்த்தையைச் சொன்னேனா? சொல்லலை. உங்களுக்கு உடம்பு சிலிர்த்துச்சா இல்லையா? செயலைச் சொல்லுங்க, ஆளைச் சொல்லுங்க, தேதியைச் சொல்லுங்க.

ஆனா மாத்து வார்த்தையிலயும் ஓட்டை இருக்கு. ஆய்வாளர்கள் 1970கள்ல இருந்து கல்ட்டுக்குப் பதிலா "புதிய சமய இயக்கம்"னு எழுத ஆரம்பிச்சாங்க. நல்ல விஷயம். ஆனா எத்தனை வருஷம் வரைக்கும் புதுசு? நம்ம பக்கத்து அய்யாவழியை எடுத்துக்கோங்க. சாமித்தோப்பு அய்யா வைகுண்டர் 1851ல மறைஞ்சவர். அவங்க கூடி வழிபடுற நிழல்தாங்கல் நம்ம ஊர்கள்ல எவ்வளவு இருக்கு! இதைப் போய்ப் புதுசுன்னு எப்படி எழுத? சரி, "இந்து சமயத்தின் ஒரு பிரிவு"ன்னு எழுதலாமா? மக்கள்தொகைக் கணக்குல இந்துன்னுதான் சேர்க்காங்க. வழிபடுறவங்கள்லயே ஒரு சாரார் ஆமாங்காங்க, ஒரு சாரார் இது தனிச் சமயம்ங்காங்க. ஆக, "பிரிவு"ங்கிற சாதாரண வார்த்தைகூட இங்க ஒரு கட்சி. கணக்கெடுப்பு இப்படி, இவங்க இப்படி, அவங்க அப்படின்னு மூணு வாக்கியமா எழுதுங்க. பக்கம் கொஞ்சம் கூடும், கூடட்டும். மத்த இடத்துல அய்யாவழின்னே போடுங்க. வழி! பவுல் சொன்ன மார்க்கமும் வழிதான். இதை நான் வேணும்னு கொண்டுவரலை, தானா வந்து நிக்குது.

[திரையில்: திருத்திய வரி மீண்டும். "பிரிந்த" என்ற சொல்லின் மேல் வட்டம்.]

திருத்தின வரியை எடுத்துக்கிட்டுப் பெருமையா அந்தத் தேர்வாளர்கிட்ட மறுபடியும் போனேன். வாசிச்சார். தலையை ஆட்டினார். அப்புறம் பேனாவை எடுத்து ஒரே ஒரு வார்த்தைக்கு வட்டம் போட்டார். "பிரிந்த".

"இவங்க பிரிஞ்சாங்களா, வெளிய தள்ளினாங்களா? தள்ளினவங்க எழுதி வச்ச கடிதத்துல 'பிரிஞ்சு போனாங்க'ன்னுதான் இருக்கும். சபையார் எழுதினது ஏதாவது படிச்சீங்களா?"

படிக்கலை. அடுத்த ஆறு மாசம் அதுக்குத்தான் போச்சு.

உங்க ஊர்ல ஒரு வழிபாட்டுக் குழுவுக்கு ஊர் வச்ச பேரு ஒண்ணும் அவங்க வச்சுக்கிட்ட பேரு ஒண்ணுமா இருக்கும். ரெண்டையும் கீழ எழுதுங்க. யார் சொல்லுறதுன்னும் சேர்த்து எழுதுங்க, இல்லைன்னா நான் வட்டம் போடுவேன்.