சாயங்காலப் பால் பாதி இறங்கும்போது கரண்ட் போனா பல்க் கூலர்ல என்ன செய்யணும்?

வணக்கம் மக்களே. இன்னைக்கு நிக்கிற இடம் ஒரு பால் சொசைட்டியோட கூலர் ரூம். பின்னாடி தெரியுறது 1000 லிட்டர் பி.எம்.சி., அதாவது பாலைக் குளிர வைக்கிற பல்க் கூலர் டேங்க். நம்ம குமரி மாவட்டத்துல குலசேகரம், திருவட்டாறு, அருமனைப் பக்கம் இருக்கிறவங்களுக்கு நான் சொல்லவே வேண்டாம், நல்லா ஒரு காத்து அடிச்சா ரப்பர் மரக்கொம்பு லைன் மேல சாஞ்சிரும். நமக்கு ஜூன்லயும் மழை, அக்டோபர்லயும் மழை. அதனால இந்த வீடியோ முழுக்க ஒரே ஒரு விஷயந்தான். சாயங்காலப் பால் ஊத்திக்கிட்டு இருக்கும்போது கரண்ட் போயிருச்சு. என்ன செய்யணும், என்ன செய்யக்கூடாது?

அதுக்கு முன்னாடி டெம்பரேச்சர் கணக்கு கொஞ்சம். மாட்டுல கறந்து, கேன்ல கொண்டு வந்து இங்க சேரும்போது பால் 33, 35 டிகிரியில இருக்கும். அதை 4 டிகிரிக்குக் கொண்டு வரணும். இந்த மாதிரி ரெண்டு வேளைப் பால் பிடிக்கிற டேங்க்ல, பாதி அளவு பாலை, அதாவது 500 லிட்டரை, 3 மணி நேரத்துல 35-லிருந்து 4-க்கு இறக்குற மாதிரிதான் கம்ப்ரசர் போட்டிருப்பாங்க. இதை மனசுல வச்சுக்கிடுங்க, ஏன்னா நிறைய பேரு கூலர்னா ஊத்தின உடனே குளிர்ந்திரும்னு நினைக்காங்க. அதுக்கு 3 மணி நேரம் வேணும். அந்த 3 மணி நேரத்துக்குள்ளதான் கரண்டு நம்ம கழுத்தைப் பிடிக்கும்.

ரெண்டாவது எண் 10. காலைப் பால் 4-ல இருக்கு, அது மேல சாயங்காலப் பால் ஊத்துறோம். அந்த நேரத்துல டேங்க்ல உள்ள கலவை 10 டிகிரியைத் தாண்டக்கூடாது. தாண்டினா காலைப் பாலுக்கு நாம செஞ்ச வேலையும் சேர்ந்து வீணாப் போகும். அதனால சாயங்காலம் முதல் கேன் வர்றதுக்கு முன்னாடியே கம்ப்ரசரை கையால ஆன் பண்ணி ஓட விட்டிரணும், பால் 5 டிகிரிக்கு ஏறி ஆட்டோல தானா ஓடட்டும்னு காத்திருக்கக்கூடாது.

ஆனா இது ஏற்கெனவே பால் கிடக்கிற டேங்க்குக்கு மட்டும். காலியான டேங்க்ல முதல் பால் ஊத்தும்போது நேர் எதிராச் செய்யணும். பாலைக் கலக்குற அஜிடேட்டரோட பிளேடு முழுகுற அளவு பால் வந்த பிறகுதான் கம்ப்ரசரைப் போடணும். இந்த டேங்க்ல குளிர்ச்சி அடித்தட்டுலதான் இருக்கு. கொஞ்சம் பால் கலங்காம கிடந்தா அடியில ஐஸா உறைஞ்சிரும், உறைஞ்சு உருகின பால்ல கொழுப்பு பிரிஞ்சு மேல மிதக்கும்.

சரி, விஷயத்துக்கு வருவோம். ஒரு கணக்கு போட்டுப் பாப்போம். டேங்க்ல காலைப் பால் 400 லிட்டர், 4 டிகிரி. 5 மணிக்கு ஊத்த ஆரம்பிச்சு 5:40-க்கு 160 லிட்டர் இறங்கியாச்சு. கம்ப்ரசர் ஓடிக்கிட்டே இருந்ததால பேனல்ல 7 காட்டுது. அப்போ கரண்ட் போச்சு. வெளியில இன்னும் 200 லிட்டர், அஞ்சு கேன், 33 டிகிரியில வரிசையில நிக்கி.

இந்த இடத்துல பலரும் செய்யிற தப்பு, "டேங்க் குளிர்ச்சியாத்தானே இருக்கு, உள்ள ஊத்திருவோம்"ங்கிறதுதான். ஊத்தினா என்ன ஆகும்? 560 லிட்டர் 7 டிகிரி, 200 லிட்டர் 33 டிகிரி. கலந்தா கிட்டத்தட்ட 14 டிகிரி. ஆனா கலக்கவே கலக்காது, அதுதான் இன்னும் மோசம். அஜிடேட்டர் நின்னு போச்சே. சூடான பால் மேலேயே நிக்கும், குளிர்ந்தது அடியில கிடக்கும். பேனல்ல உள்ள சென்சார் டேங்கோட கீழ்ப்பக்கம்தான் இருக்கு. கரண்டு வந்ததும் அது 7-னு காட்டும், நீங்களும் நிம்மதியா இருப்பீங்க. மேல ஒரு சாண் பால் 25 டிகிரியில புளிக்கத் தொடங்கியிருக்கும்.

அதனால ஒரே விதிதான். குளிர்ந்த பாலுக்கு நேரம் இருக்கு, சூடான பாலுக்கு நேரம் இல்ல. ரெண்டையும் சேர்க்காதீங்க. இன்சுலேஷன் நல்லா இருக்கிற டேங்க்ல நிறைய பால் இருந்தா, மூடியைத் திறக்காம விட்டா, 4 மணி நேரத்துக்கு ஒரு டிகிரி பக்கம்தான் ஏறும். பால் குறைவா இருந்தா அதைவிட வேகமா ஏறும். ஆனாலும் ரெண்டு, மூணு மணி நேரத்துக்கு டேங்க்ல உள்ளதைப் பத்திப் பதற வேண்டாம். மூடியை மூடி வச்சிருங்க, ஆளாளுக்கு வந்து எட்டிப் பாக்க விடாதீங்க.

முதல்ல ஜெனரேட்டர். இந்த அளவு கூலருக்கு 15 கே.வி.ஏ. வச்சிருப்பாங்க. ஓடும்போது 3 கிலோவாட் பக்கம்தானே இழுக்கு, எதுக்கு இவ்வளவு பெருசுன்னு கேப்பாங்க. கம்ப்ரசர் ஸ்டார்ட் ஆகுற நொடியில அஞ்சாறு மடங்கு இழுக்கும், அதுக்காக்கும். ஸ்டார்ட் பண்ணி ரெண்டு, மூணு நிமிஷம் சும்மா ஓட விட்டுட்டு, பிறகு ஜெனரேட்டர் கரண்டுக்கு மாத்துற சேஞ்ச்ஓவர் சுவிட்சைத் திருப்புங்க. அதுவும் கரண்ட் போய் 5 நிமிஷம் கழிஞ்ச பிறகுதான் கம்ப்ரசரைப் போடணும். உள்ள கேஸ் அழுத்தம் ரெண்டு பக்கமும் சமமாகிறதுக்கு முன்னாடி போட்டா மோட்டார் முக்கி முக்கி ட்ரிப் ஆகும், சில சமயம் வைண்டிங்கே போயிரும். ஜெனரேட்டர் பிடிச்சிட்டா கேன்களை எப்பவும்போல மெதுவா ஊத்திக்கிடலாம். டேங்க் 4-க்கு வந்ததும் ஜெனரேட்டரை நிறுத்திருங்க, டீசல் மணிக்கு 2 லிட்டர் பக்கம் குடிக்கும். மாதாந்திரப் பராமரிப்புக்காக காலையில 9 மணிக்கு கரண்டை நிறுத்துற நாள்லயும் இதே கணக்குதான். 9 மணிக்கு காலைப் பால் பாதிதான் குளிர்ந்திருக்கும், மிச்சக் குளிர்ச்சிக்கு மட்டும் ஓட்டுங்க.

ஜெனரேட்டர் பிடிக்கலன்னா? பெரும்பாலும் பேட்டரிதான் காரணம். வாரத்துக்கு ஒரு தடவை கம்ப்ரசர் லோடோட 10 நிமிஷம் ஓட்டிப் பாக்காத ஜெனரேட்டரை நம்பாதீங்க. இப்ப நமக்கு வழி ஐஸ். நம்ம மாவட்டத்துல அதுக்குப் பஞ்சமில்ல; குளச்சல், தேங்காப்பட்டணம், சின்னமுட்டம்னு மீன்பிடிக்கிற இடத்துக்குப் பக்கத்துல ஐஸ் கம்பெனி இருக்கும். 40 லிட்டர் கேன் ஒண்ணை 33-லிருந்து 15-க்கு இறக்க ஏறக்குறைய 8 கிலோ ஐஸ் வேணும், கேன் நிக்கிற தொட்டி வெள்ளத்தைக் குளிர வைக்கிறதையும், உருகி வீணாகுறதையும் சேர்த்து 20 கிலோன்னு வச்சுக்கிடுங்க. அஞ்சு கேனுக்கு 100 கிலோ, பெரிய கட்டை ரெண்டு.

சிமெண்ட் தொட்டியில கேனை நிறுத்தி, கேனோட கழுத்து வரைக்கும் கிணத்து வெள்ளம் விட்டு, ஐஸை உடைச்சு அந்த வெள்ளத்துல போடுங்க. வெறும் ஐஸை மட்டும் கேனைச் சுத்தி அடுக்கினா அங்கங்க தொட்டுட்டு நிக்கும், குளிர்ச்சி ஏறாது. 10 நிமிஷத்துக்கு ஒரு தடவை கழுவின பிளஞ்சரால உள்ள பாலைக் கலக்கி விடுங்க. ஐஸை பாலுக்குள்ள மட்டும் போட்டிராதீங்க. அது மீனுக்கு அடிச்ச ஐஸ், சுத்தம் எப்படி இருக்கும்னு நமக்குத் தெரியும். உருகினா பாலுக்குள்ள தண்ணி, எஸ்.என்.எஃப்., அதாவது கொழுப்பு போக மிச்சமுள்ள சத்து அளவு இறங்கும், பிறகு சொசைட்டி தண்ணி கலந்துச்சுன்னு பேரு வரும். ஐஸ் வர நேரமாகும்னா அதுவரைக்கும் கிணத்து வெள்ளத்துலயாவது நிறுத்துங்க. 28-க்குக் கீழ இறங்காதுதான், ஆனாலும் வெயில்ல காயப் போடுறதுக்கு அது எவ்வளவோ தேவல.

கரண்ட் 8:30-க்கு வந்துருச்சுன்னு வைப்போம். உடனே சுவிட்சைத் தட்டாதீங்க. 5 நிமிஷம் பொறுத்து, பேனல்ல மூணு பேசும் வந்திருக்கான்னு பாருங்க. மழை நேரத்துல ரெண்டு பேஸ் மட்டும் வரும், ட்யூப்லைட் எரியும், எல்லாம் சரின்னு தோணும். மூணு பேஸ் மோட்டார் அதுல ஓடினா எரிஞ்சிரும். வோல்டேஜ் 415 இருக்கணும், 370-க்குக் கீழன்னா போடாதீங்க. லைன் வேலை பாத்துட்டு கரண்ட் விட்டிருந்தா பேஸ் மாறி வரவும் வாய்ப்பிருக்கு. ஸ்க்ரோல் கம்ப்ரசர்னா வழக்கத்தைவிட இரைச்சல் போடும், திரும்பி வர்ற தடிச்ச குழாய் குளிராது. அப்படின்னா தலைகீழா சுத்துதுன்னு அர்த்தம். உடனே நிறுத்தி எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு ரெண்டு பேஸை மாத்தச் சொல்லுங்க.

ஓட ஆரம்பிச்சதும் முதல்ல அஜிடேட்டரை ரெண்டு நிமிஷம் சுத்த விட்டு, பிறகு பேனலைப் பாருங்க. கலக்குறதுக்கு முன்னாடி அது காட்டுற எண்ணுக்கு மதிப்பில்ல. நம்ம கணக்குல 560 லிட்டர் 8 டிகிரியில இருக்கும்னு வைங்க. அரை மணி நேரம் ஓடினா 5-க்கு வரும். அதுக்குப் பிறகு 15-ல நிக்கிற கேன் பாலை ஊத்துங்க. கலவை 7.6, பத்தைத் தாண்டல. இன்னொரு முக்கால் மணி நேரத்துல 4-க்கு வந்திரும். அவசரப்பட்டு கேனை முதல்லயே ஊத்தியிருந்தா இந்தக் கணக்கு நிக்காது.

கேனை ஊத்துறதுக்கு முன்னாடி ஒவ்வொரு கேனையும் தனியா சோதிக்கணும். டெஸ்ட் ட்யூப்ல 5 மில்லி எடுத்து, கொதிக்கிற தண்ணியில 5 நிமிஷம் வச்சுப் பாருங்க. திரிஞ்சா அந்தக் கேன் வெளியில. திரியலன்னா நல்ல பால்னு முழுசா சொல்லவும் முடியாது. புளிப்பு நல்லா ஏறின பிறகுதான் இந்தச் சோதனையில தெரியும். அதனால மோந்தும் பாருங்க, சந்தேகமான கேனை தனியா நிறுத்தி அசிடிட்டியும் பாருங்க. ஒரு கேன் கெட்டது 760 லிட்டரையும் கெடுக்கும், கேட்டியளா.

2017 நவம்பர்ல ஒக்கி புயல் வந்தப்போ மாதிரி நாள் கணக்குல கரண்ட் இல்லன்னா, ஐஸை நம்பி பால் பிடிக்க முடியாது. அந்த மாதிரி எச்சரிக்கை வந்த அன்னைக்கே டேங்கரை முன்கூட்டி வரச் சொல்லி டேங்கைக் காலி பண்ணிருங்க. டீசலையும் அன்னைக்கே வாங்கி வைங்க. பங்க்லயும் கரண்ட் இருக்காது.

கடைசியா, சுவத்துல தொங்குற அந்த நோட்டு. கரண்ட் போன நேரம், அப்போ டேங்க்ல டிகிரி, திரும்பி வந்த நேரம், கலக்கின பிறகு டிகிரி, எந்தெந்த கேன் ஐஸ்ல நின்னுச்சு. இந்த அஞ்சையும் அப்பவே எழுதிருங்க. நாளைக்கு டேங்கர்காரர் பாலைச் சோதிச்சு ஏதாவது சொன்னா, எடுத்துக் காட்ட அந்த நோட்டுதான் இருக்கு.